பத்துப் படங்கள், ஒரே கேள்வி: இது எந்த இடம்?

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் போன ஞாயிறு நடத்திய புகைப்பட வினாடி வினாவைப் பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள். சில ஆசிரிய நண்பர்கள் தங்கள் ஊரிலும் நடத்த வினாக்களை அனுப்பச் சொன்னார்கள். விடைகளை மட்டும் அனுப்பினால் பயன் இல்லை என்பதால் விளக்கத்தோடு எழுதுகிறேன். பதிவு நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விதி எளிது. படத்தில் உள்ள இடத்தின் பெயருக்கு ஒரு மதிப்பெண். எதை வைத்துச் சொன்னீர்கள் என்பதற்கு இரண்டு மதிப்பெண். "பார்த்த மாதிரி இருக்கு சார்" என்றால் அந்த இரண்டும் கிடையாது. கைபேசிகள் நூலகர் மேசையில். இப்படி விதி வைத்ததற்குக் காரணம் உண்டு. வாட்ஸ்அப்பில் நாள்தோறும் நமக்கு வரும் பழைய கோயில் படங்களில் பலவற்றுக்குக் கீழே எழுதியிருப்பது தவறு. படம் பொய் சொல்வதில்லை, கீழே உள்ள வரிதான் சொல்கிறது. அந்த வரியை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் படிக்கப் பழக வேண்டும் என்பதே நோக்கம்.

முதல் படம். வானை முட்டும் ஒரு கற்கோயில் விமானம், முன்னால் பச்சைப் புல்வெளி. பதினெட்டுப் பேரில் பதினான்கு பேர் தஞ்சைப் பெரிய கோயில் என்று எழுதினார்கள். விடை கங்கைகொண்ட சோழபுரம்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு அடையாளம் போதும். விமானத்தின் ஓரக் கோட்டை மேலிருந்து கீழாக விரலால் தடவிப் பாருங்கள். தஞ்சையில் அது அளவுகோல் வைத்துக் கிழித்தது போல நேராக இறங்கும். கங்கைகொண்ட சோழபுரத்தில் உள்வாங்கி வளைந்து இறங்கும். தஞ்சை விமானம் 13 தளம், இது 9 தளம். தந்தை இராசராசன் தஞ்சைக் கோயிலை 1010-இல் நிறைவு செய்தார். மகன் இராசேந்திரன் அதே இலக்கணத்தில் இன்னொன்றைக் கட்டும்போது உயரத்தைக் குறைத்து, கோட்டை வளைத்தார். தந்தைக்குக் கொடுத்த மரியாதை என்று சிலர் சொல்வார்கள். அதற்குச் சான்று இல்லாததால் நான் சொல்வதில்லை.

இரண்டாவது அடையாளம் சுற்றுப்புறம். தஞ்சையில் எங்கிருந்து படம் எடுத்தாலும் நீளமான திருச்சுற்று மாளிகையோ மதிலோ பின்னால் வந்துவிடும். கங்கைகொண்ட சோழபுரத்தில் விமானத்தைச் சுற்றி வெட்டவெளி அதிகம். 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது இக்கோயில் மதிலின் கற்களைப் பெருமளவு பெயர்த்துக்கொண்டு போனார்கள். அந்த வெட்டவெளி இயற்கை அல்ல, ஒரு இழப்பு. படத்தில் இல்லாதது கூடச் சில நேரம் இடத்தைச் சொல்லும்.

இதே இடத்தில் ஒரு மாணவி, "தஞ்சாவூர் கோபுர நிழல் தரையில விழாதுன்னு சொல்றாங்களே சார், நிழலை வச்சுக் கண்டுபிடிக்கலாமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. தஞ்சை விமானத்தின் நிழல் தரையில் நன்றாகவே விழும். காலையிலோ மாலையிலோ எடுத்த எந்தப் படத்திலும் பார்க்கலாம். சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் இருக்கும் நாட்களின் நடுப்பகலில் கூம்பு வடிவக் கட்டடத்தின் நிழல் அதன் அகன்ற அடிப்பகுதிக்குள்ளேயே சுருங்கிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

இரண்டாவது படம் கல்தேர். தாராசுரம், கோனார்க், ஹம்பி என்று மூன்று விடைகள் வந்தன. ஹம்பி விட்டலர் கோயில் என்பதே சரி. புதிய 50 ரூபாய்த் தாளைத் திருப்பிப் பாருங்கள், இதே தேர்தான். தேரை இழுப்பது யானைகளா குதிரைகளா என்று பார்க்க வேண்டும். தாராசுரத்தில் மண்டபத்தையே தேராக்கிக் குதிரைகளைப் பூட்டியிருப்பார்கள். ஹம்பியில் இப்போது முன்னால் நிற்பவை யானைகள், ஆனால் அவற்றுக்குப் பின்னால் குதிரைகளின் பின்னங்கால்கள் தெரியும். முன்பு குதிரைகள் இருந்த இடத்தில் யானைகளை வைத்திருக்கிறார்கள். 1856-இல் கிரீன்லா என்ற ஆங்கிலேயர் எடுத்த படத்தில் இந்தத் தேரின் உச்சியில் செங்கல் கோபுரம் ஒன்று உண்டு. இன்று அது இல்லை. ஆகவே உச்சியைப் பார்த்தால் படத்தின் காலமும் ஓரளவு தெரியும்.

மூன்றாவது படத்தில் அகன்ற ஆறு, வரிசையாக மதகுகள், ஓரிடத்தில் சில மதகுகளும் மேலிருந்த பாலமும் காணோம். பழக்க தோஷத்தில் கல்லணை என்று எழுதியவர்கள் அதிகம். இது முக்கொம்பு மேலணை. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம். ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டி முடித்தது. 2018 ஆகஸ்ட் 22 இரவு வெள்ளத்தில் 9 மதகுகள் இடிந்து விழுந்தன. உடைந்த பகுதி இருந்தால் முக்கொம்பு, காலம் 2018-க்குப் பின். அருகிலேயே பிறகு புதிய கதவணை கட்டிவிட்டார்கள்.

கல்லணை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "கரிகாலன் கட்டிய அணை" என்று பாலமும் இரும்புக் கதவுகளும் உள்ள படத்தைப் போடுகிறார்கள். அவை ஆங்கிலேயர் காலத்திலும் பிறகும் சேர்த்தவை. பழைய அணை என்பது ஆற்று மணலில் கல்லைப் போட்டு அமிழவிட்டு, அதன்மேல் கல்லடுக்கி எழுப்பிய தாழ்வான உடல். மணலில் அடித்தளம் போடும் இந்த வித்தையைக் கல்லணையில் பார்த்துத்தான் காட்டன் கற்றார், அவரே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தப் பழைய உடலைப் புகைப்படத்தில் பிடிப்பது கடினம், ஏனென்றால் அது நீருக்கும் பிற்காலக் கட்டுமானத்துக்கும் அடியில் இருக்கிறது.

நான்காவது படத்தில்தான் அவை சூடு பிடித்தது. அகழியில் நிழல் விழ, தாமரை மொட்டுப் போன்ற கோபுரங்கள். எல்லோருக்கும் தெரிந்தது, கம்போடியாவின் அங்கோர் வாட். "சோழர் கட்டிய உலகின் மிகப்பெரிய கோயில் சார்" என்று இரண்டு பேர் கூடுதல் தகவலும் எழுதியிருந்தார்கள். இடத்துக்கான மதிப்பெண் கொடுத்தேன், காரணத்துக்குக் கொடுக்கவில்லை. உடனே வாக்குவாதம். "நெட்டுல எல்லாரும் போடுறாங்களே?" என்றான் ஒரு கல்லூரி மாணவன். "எல்லாரும் போடட்டும் தம்பி, படம் என்ன சொல்லுது பாரு" என்றேன்.

என்ன சொல்கிறது? நம்மூர் விமானம் கருவறைக்கு மேல் தளம் தளமாக ஏறும், மேலே சிகரமும் கலசமும். அங்கோரில் நடுவே ஒன்று, நான்கு மூலைக்கு நான்கு என்று ஐந்து கோபுரங்கள் ஒரே உயர்ந்த மேடையில் நிற்கின்றன. நேர் எதிரே நின்றால் மூன்றுதான் தெரியும். கம்போடியக் கொடியில் மூன்று இருப்பதும் அதனால்தான். சன்னல்களைப் பாருங்கள். கடைசல் பிடித்த மரக்கம்பிகள் போலக் கல்லைக் கடைந்து வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். இது கெமர் கட்டடங்களின் கையெழுத்து. சோழர் கோயிலில் காண மாட்டீர்கள். கல்லும் வேறு. நம்முடையது கருங்கல், அவர்களுடையது மணற்கல். முதன்மை வாயில் மேற்கே பார்க்கிறது.

கட்டியவர் கெமர் மன்னர் இரண்டாம் சூரியவர்மன், 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதி. அப்படியானால் சோழருக்கும் அந்நாட்டுக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. இராசேந்திர சோழனுக்குக் காம்போச மன்னர் தேர் ஒன்றை அனுப்பி நட்புத் தேடியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. முதல் குலோத்துங்கனுக்குக் காம்போச அரசன் காட்டிய கல் ஒன்று தில்லைக் கோயிலில் வைக்கப்பட்டதைச் சிதம்பரத்துக் கல்வெட்டு சொல்கிறது, ஆண்டு 1114. சூரியவர்மன் அரசேறிய சமயம் அது. இரண்டு பெரிய அரசுகள் சமமாகப் பழகியதற்கு எழுத்துச் சான்று கையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அடுத்தவர் வீட்டை நம் வீடு என்று சொல்லிக்கொண்டிருந்தால், உண்மையான சான்றைக் காட்டும்போது யார் நம்புவார்கள்? மாணவன் சமாதானம் ஆனானா தெரியாது, செப்பேட்டின் பெயரைக் குறித்துக்கொண்டான்.

ஐந்தாவது படம் கழுகுமலை வெட்டுவான் கோயில். இதை எல்லோரா என்று எழுதினால் பாதி நியாயம் உண்டு, இரண்டுமே மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கியவை. ஆனால் எல்லோரா கயிலாசநாதர் கோயில் கரிய எரிமலைப் பாறையில் முடிவடைந்த பெரிய வளாகம். கழுகுமலையில் 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் சிகரத்தையும் மேல்பகுதியையும் நகை வேலை போல முடித்துவிட்டு, கீழ்ப்பகுதியை அப்படியே விட்டுவிட்டார்கள். படத்தின் கீழ்ப்பாதியில் உளி படாத பாறை தெரிந்தால் இந்த ஊர்தான். இங்கே தட்சிணாமூர்த்தி மத்தளம் வாசிப்பார். அது தெரியும்படி படம் இருந்தால் வேறு ஆதாரமே வேண்டாம்.

ஆறாவதும் ஏழாவதும் இராமேசுவரம் பக்கம். பாம்பன் ரயில் பாலத்தின் படத்தைக் கொடுத்து, "படம் எடுத்தவர் எங்கே நிற்கிறார்?" என்று கேள்வியை மாற்றிக் கேட்டேன். பாலத்தை மேலிருந்து பார்க்கும் கோணம் என்பதால் பக்கத்துச் சாலைப் பாலத்தில்தான் நிற்க வேண்டும். சாலைப் பாலம் 1988-இல் திறக்கப்பட்டது, எனவே படம் அதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை. நடுப்பகுதி இரண்டு கைகளைத் தூக்குவது போலப் பிளந்து உயர்ந்தால் 1914-இன் பழைய பாலம். படுத்த நிலையிலேயே லிப்ட் போல மேலே ஏறினால் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம். தனுஷ்கோடி தேவாலயத்தை எல்லோருமே சொல்லிவிட்டார்கள். ஆனால் சுவரின் கல்லைக் கவனித்தவர் ஒருவர்தான். துளைத்துளையாகத் தேன்கூடு போலிருக்கும் அது கடல் பவளப்பாறை. 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் அந்த ஊரைக் கொண்டுபோனது. அதில் தப்பிய சுவர்களில் இந்தக் கல்லை இன்றும் பார்க்கலாம்.

எட்டாவது படம் கொஞ்சம் குறும்பானது. அகழாய்வுக் குழி, சதுரமாக வெட்டிய சுவர்கள், நடுவே சுடுமண் உறைகிணறு, பக்கத்தில் கறுப்பு வெள்ளை அளவுகோல். பதினைந்து பேர் "கீழடி" என்றார்கள். இரண்டு பேர் இடத்தைக் காலியாக விட்டார்கள். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "இதை வைத்துச் சொல்ல முடியாது" என்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் அவளுக்குத்தான்.

உறைகிணறு கீழடியிலும் கிடைத்தது, அரிக்கமேட்டிலும் கிடைத்தது. குழி வெட்டும் முறை எல்லா இடத்திலும் ஒன்றே. அகழாய்வுப் படத்தில் இடத்தைச் சொல்வது குழிக்குள் வைக்கும் சின்னப் பலகைதான். ஊர்ப் பெயர், குழி எண், மண்ணடுக்கு, ஆழம், தேதி அதில் இருக்கும், பக்கத்தில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி. நான் வேண்டுமென்றே பலகை உள்ள மூலையை வெட்டிவிட்டுப் படத்தை அச்செடுத்திருந்தேன். இணையத்தில் சுற்றும் அகழாய்வுப் படங்களிலும் பெரும்பாலும் அந்த மூலைதான் இருக்காது. பலகை இல்லாத குழிப் படத்துக்கு யார் எந்த ஊர்ப் பெயர் சொன்னாலும், முழுப் படம் எங்கே என்று கேளுங்கள்.

ஒன்பதாவது, வெள்ளை நிறக் கட்டடம், குவிமாடம், முன்னால் அமர்ந்த கலைமகள் சிலை. கோயில் என்றார்கள், அரண்மனை என்றார்கள், பல்கலைக்கழகம் என்றார்கள். அது யாழ்ப்பாணப் பொது நூலகம். ஒரு நூலகத்தில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு நூலகத்தை அடையாளம் தெரியாமல் இருந்தோம் என்பதால் இதைப் பற்றிச் சற்று நேரம் பேசினேன். வரைபடம் போட்டவர் சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன். நூலக அமைப்புக்கு ஆலோசனை சொன்னவர் நம் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன். 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச் சுவடிகளும் போயின. பிறகு அதே தோற்றத்தில் புதுப்பித்துக் கட்டினார்கள். அதனால் எரிந்ததற்கு முந்தைய படத்தையும் இன்றைய படத்தையும் குழப்பிக்கொள்வது எளிது. கூரையின்றி, சன்னல்களுக்கு மேலே கரி படிந்த சுவர்களோடு ஒரு படம் கண்ணில் பட்டால் அது இடைப்பட்ட ஆண்டுகளுடையது.

பத்தாவது படம். கோடையில் வறண்டு வெடித்த கண்மாய்த் தரை. கரையிலிருந்து சற்றுத் தள்ளி உள்ளே இரண்டு உயரமான கல்தூண்கள். அவற்றை இணைத்துக் குறுக்கே கற்பலகைகள், பலகைகளின் நடுவே வட்டத் துளை. ஊஞ்சல் கட்டும் கல் என்றான் ஒரு பையன். தூக்குமேடை என்று இன்னொருவன். சுமைதாங்கி என்று எழுதியவர்களும் உண்டு. ஹம்பியையும் அங்கோரையும் தெரிந்தவர்களுக்கு இது தெரியவில்லை. அவையின் பின்வரிசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, இது நம்ம பெரிய கண்மாய்க் குமிழியில்ல?" என்றார். ஆமாம், நூலகத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் கூட இல்லை.

எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்கள் பலவற்றில் இந்தக் குமிழித் தூம்பு உண்டு. வேலை செய்யும் விதம் இதுதான். தூண்களுக்கு அடியில் கண்மாய்த் தரையில் கல்லாலான தொட்டி ஒன்று புதைந்திருக்கும். அதன் மூடுகல்லில் ஒரு பெரிய துளை, அதற்கு நீரோடித் துளை என்று பெயர். தரை மட்டத்தில் சிறிய துளைகள், அவை சேறோடித் துளைகள். தொட்டியிலிருந்து கரைக்கு அடியில் கல் கால்வாய் ஒன்று வயலுக்குப் போகும். மேலே குறுக்குப் பலகையின் வட்டத் துளை வழியாக ஒரு நீண்ட தண்டு இறங்கி, நுனியில் உள்ள குழவி போன்ற அடைப்பால் நீரோடித் துளையை மூடியிருக்கும். பாசனம் வேண்டும்போது ஒருவர் நீந்திப்போய்த் தண்டை மேலே தூக்குவார். நீர் தொட்டிக்குள் பாயும்போது மேலே குமிழி விடும், பெயரும் அதனால்தான். நீரோடு சேர்ந்து அடிச் சேறும் சிறு துளைகள் வழியே உள்ளே இழுபட்டு வயலுக்குப் போய்விடும். வயலுக்கு வண்டல், தூம்பின் வாய்க்கும் அடைப்பு இல்லை.

கரைமேல் கட்டிய இரும்புக் கதவு மதகிலிருந்து இதைப் பிரித்தறிய இடமே போதும். மதகு கரையில் இருக்கும், குமிழி கரையிலிருந்து விலகிக் கண்மாய்க்குள் நிற்கும். பல ஊர்களில் புதிய மதகு வந்தபின் குமிழி கைவிடப்பட்டு, கரைக்கு அடியிலுள்ள கால்வாய் தூர்ந்துவிட்டது. தூர் வாரும்போது இயந்திரத்தின் கை பட்டுத் தூண் சாய்ந்தால், வெறும் கல் என்று ஓரமாக உருட்டிவிடுகிறார்கள். இந்தத் தூண்களில் பலவற்றில், தூம்பைச் செய்து கொடுத்தது யார் என்ற கல்வெட்டு இருக்கும் என்பது உருட்டுகிறவருக்குத் தெரிவதில்லை.

எங்கள் குமிழியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இடப்பக்கத் தூணின் உள்முகத்தில் கோடுகள் தெரிகின்றன. நடுப்பகலில் எடுத்த படம் என்பதால் மேலே "ஸ்வஸ்திஸ்ரீ" என்பதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை. வெயில் நேராக விழுந்தால் ஆழமில்லாத எழுத்து மறைந்துவிடும். சூரியன் தாழ்வாக இருந்து ஒளி கல்லின் பரப்பை உரசிக்கொண்டு போகும்போதுதான் ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் விழும். கண்மாயில் இன்னும் சில வாரங்களுக்குத்தான் தண்ணீர் இருக்காது.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு வட்டத்தார் கண்மாய்க்குப் போகிறோம். சாக்பீஸ், சுண்ணாம்பு, கம்பித் தூரிகை எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். எழுத்துக்கு அவை கேடு. ஒரு குடம் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். அளவுகோலுக்கு ஒரு அடி ஸ்கேல். எட்டாவது வினாவில் முழு மதிப்பெண் வாங்கிய சிறுமி ஒரு சிலேட்டுக் கொண்டுவருகிறாள், ஊர்ப் பெயரும் தேதியும் வடக்குத் திசையும் எழுதித் தூணுக்குப் பக்கத்தில் வைக்க.